பொருள் பெயரில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

பொருள் பட்டியல் ஒன்று கைக்கு வருகிறது. பெயர், நிறம், அளவு எல்லாம் ஒரே செல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிறம் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். இருபது வரிசை என்றால் கையாலேயே தட்டிவிடலாம். இரண்டாயிரம் என்றால் ஃபார்முலா எழுதத்தான் வேண்டும்.

எக்செலில் இதை எப்படிச் செய்வது என்று ஒரு சின்னப் பட்டியலை வைத்தே பார்ப்போம். கீழே உள்ள ஆறு பெயர்களையும் புதிய ஷீட் ஒன்றில் A2 முதல் A7 வரை தட்டிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே கொஞ்சம் கோணலான பெயர்களையும் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் உண்மையான பட்டியல் எதுவும் நேராக இருப்பதில்லை.

```
A2  மேசை விளக்கு (வெள்ளை)
A3  தண்ணீர் பாட்டில் (நீலம்)
A4  சுவர்க் கடிகாரம்
A5  கைப்பை (துணி) (கருப்பு)
A6  1) மடக்கு நாற்காலி (பச்சை)
A7  பேனா பெட்டி (12)
```

முதலில் இரண்டு எண்கள்

எக்செலுக்கு "அடைப்புக்குறிக்குள் இருப்பது" என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது இடம் மட்டும்தான்: எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எத்தனை எழுத்து வேண்டும். அதனால் திறக்கும் குறி எங்கே, மூடும் குறி எங்கே என்ற இரண்டையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு FIND இருக்கிறது. B2-இல் முதல் வரியையும் C2-இல் இரண்டாவது வரியையும் எழுதுங்கள்.

```
=FIND("(",A2)
=FIND(")",A2)
```

B2-இல் 14 என்றும் C2-இல் 21 என்றும் வரும். இங்கே பலர் குழம்பிப்போவார்கள். "மேசை விளக்கு (வெள்ளை)" என்பதைக் கண்ணால் எண்ணினால் மே, சை, இடைவெளி, வி, ள, க், கு, இடைவெளி, அப்புறம் அடைப்புக்குறி. அது ஒன்பதாவது இடத்தில்தானே இருக்கிறது, பதினான்கு எப்படி வந்தது?

நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் "மே" கணினிக்கு இரண்டு: ம ஒன்று, அதன் முன்னால் நிற்கும் கொம்பு இன்னொன்று. "க்" என்பதும் க ஒன்று, புள்ளி ஒன்று. துணைக்கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. இந்தக் கணக்கில் "விளக்கு" மட்டுமே ஏழு. அதனால் தமிழ்ப் பெயர்களில் விரல் விட்டு எண்ணி, அந்த எண்ணை ஃபார்முலாவில் போடாதீர்கள். எண்ணும் வேலையை FIND-இடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் ஃபார்முலாவை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் மேற்கோள் குறியையும் ஒரு முறை பாருங்கள். மெசேஜ் செயலிகளும் ஆவணச் செயலிகளும் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். வளைந்ததை எக்செல் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது, எதையாவது சொல்லி முரண்டு பிடிக்கும். சில கணினிகளின் வட்டார அமைப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். ஃபார்முலா சரியாக இருந்தும் ஏற்க மறுத்தால் இந்த இரண்டையும்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

நடுவில் இருப்பதை எடுப்பது

இப்போது D2-இல் MID எழுதலாம். எந்த உரையிலிருந்து, எத்தனையாவது எழுத்தில் தொடங்கி, எத்தனை எழுத்து என்று மூன்று விஷயங்களை அது கேட்கும்.

```
=MID(A2,B2+1,C2-B2-1)
```

"வெள்ளை" என்று வந்துவிடும். B2-இல் இருப்பது அடைப்புக்குறியின் இடம். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த எழுத்திலிருந்து என்பதால் ஒன்று கூட்டுகிறோம். 21-லிருந்து 14-ஐக் கழித்தால் 7, ஆனால் அதில் மூடும் குறியும் சேர்ந்திருக்கிறது. அதை விட்டுவிட இன்னும் ஒன்றைக் கழித்தால் 6. வ, கொம்பு, ள, புள்ளி, ள, ஐகாரக் குறி என்று எண்ணிப் பாருங்கள், ஆறுதான் வரும்.

இந்தக் கூட்டல் கழித்தலில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தப்பு எங்கே என்பதை விடையே காட்டிக்கொடுத்துவிடும். கடைசி -1 விட்டுப்போனால் "வெள்ளை)" என்று மூடும் குறி வாலாகத் தொங்கும். +1 விட்டுப்போனால் "(வெள்ள" என்று வரும்: முன்னால் குறி ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஐகாரம் கழன்றுவிடும். தவறிப்போய் +2 போட்டால் எழுத்து இல்லாத கொம்பு மட்டும் முன்னால் நிற்கும், பெரும்பாலும் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு.

இதில் மோசமானது கடைசி ஓர் இடம் மட்டும் குறைந்துபோவது. "வெள்ளை" "வெள்ள" ஆகிவிடும். "நீலம்" என்பதில் புள்ளி மட்டும் போய் "நீலம" ஆகும். வேகமாகப் பார்க்கும் கண்ணுக்கு இது தட்டுப்படவே தட்டுப்படாது. பிறகு நிறத்தை வைத்து வடிகட்டும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரியவரும்.

B2, C2, D2 மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஏழாவது வரிசை வரை இழுங்கள். D3-இல் "நீலம்" ஒழுங்காக வரும். மற்ற சிலவற்றில் சிக்கல் தொடங்கும்.

முன்னால் வந்து நிற்கும் மூடும் குறி

ஆறாவது வரிசையில் `#VALUE!` வந்திருக்கும். பெயரில் அடைப்புக்குறி கண்ணெதிரே இருக்கிறது, பிறகு ஏன்? B6-ஐப் பாருங்கள், 20. C6-ஐப் பாருங்கள், 2. வரிசை எண் போட்ட யாரோ "1)" என்று எழுதியிருக்கிறார், FIND அந்தக் குறியில் போய் நின்றுவிட்டது. 2-லிருந்து 20-ஐயும் 1-ஐயும் கழித்தால் -19. மைனஸ் பத்தொன்பது எழுத்தை எடு என்றால் MID என்ன செய்யும்?

FIND-க்கு மூன்றாவதாக ஓர் எண் தரலாம். அந்த இடத்திலிருந்து தேடு என்று அதற்கு அர்த்தம். திறக்கும் குறி இருக்கும் இடத்திலிருந்தே மூடும் குறியைத் தேடச் சொன்னால் போதும். C2-ஐ இப்படி மாற்றி மறுபடி கீழே இழுங்கள்.

```
=FIND(")",A2,B2)
```

C6 இப்போது 26 ஆகும், D6-இல் "பச்சை" வரும். பட்டியலில் வரிசை எண் இல்லாவிட்டாலும் இந்த வடிவத்தையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூடுதல் வேலை எதுவும் இல்லை, பிற்பாடு காப்பாற்றும்.

உதவி நெடுவரிசைகள் பிடிக்காதவர்கள் மூன்றையும் ஒன்றாக்கலாம்.

```
=MID(A2,FIND("(",A2)+1,FIND(")",A2,FIND("(",A2))-FIND("(",A2)-1)
```

செய்வது அதே வேலைதான். ஆனால் பழகும்வரை பிரித்தே வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். தப்பு வந்தால் B-இல் வந்ததா C-இல் வந்ததா என்று பார்த்த உடனே தெரியும். ஒரே வரியில் அடைத்துவிட்டால் அதைப் பிரித்துப் படிப்பதே தனி வேலையாகிவிடும். B, C நெடுவரிசைகள் கண்ணை உறுத்தினால் மறைத்து வைத்துக்கொள்ளலாம்.

அடைப்புக்குறியே இல்லாத பெயர்

நான்காவது வரிசையிலும் `#VALUE!` இருக்கிறது. இது நியாயமான தவறு. சுவர்க் கடிகாரத்தில் அடைப்புக்குறி இல்லை, FIND கையை விரித்துவிட்டது. இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து IFERROR: தவறு வந்தால் காலியாக விடு.

```
=IFERROR(MID(A2,B2+1,C2-B2-1),"")
```

நானும் பல நாள் இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை நீளமான பட்டியல் ஒன்றை இப்படிப் பிரித்து அனுப்பினேன். காலியாக இருந்தவை எல்லாம் நிறம் இல்லாத பொருட்கள் என்று நானும் நம்பினேன், வாங்கியவர்களும் நம்பினார்கள். உண்மையில் அவற்றில் பாதி, மேலே பார்த்த "1)" வகை. நிறம் இருந்தது, என் ஃபார்முலா அதைத் தவறவிட்டது, IFERROR அந்தத் தவற்றை அழகாகத் துடைத்துவிட்டது. அழுக்கை விரிப்புக்கு அடியில் தள்ளுகிற வேலைதான் அது.

அதற்குப் பிறகு நான் செய்வது வேறு. ஒரு பெயரில் எத்தனை திறக்கும் குறி இருக்கிறது என்று முதலில் எண்ணிவிடுவேன். E2-இல் இதை எழுதுங்கள்.

```
=LEN(A2)-LEN(SUBSTITUTE(A2,"(",""))
```

SUBSTITUTE எல்லாத் திறக்கும் குறிகளையும் நீக்குகிறது. நீக்குவதற்கு முன்னால் இருந்த நீளத்திலிருந்து பின்னால் உள்ள நீளத்தைக் கழித்தால், நீங்கியவை எத்தனை என்று கிடைத்துவிடும். E4-இல் 0, E5-இல் 2, மற்றவற்றில் 1 வரும். இப்போது D2-ஐ மாற்றலாம்.

```
=IF(E2=0,"",MID(A2,B2+1,C2-B2-1))
```

இதற்கும் IFERROR-க்கும் வித்தியாசம் என்னவென்றால், அடைப்புக்குறி இல்லை என்று எண்ணிப் பார்த்த வரிசை மட்டுமே காலியாகும். "(நீலம்" என்று திறந்துவிட்டு மூட மறந்த பெயர் இருந்தால் அது `#VALUE!` என்று சிவந்த முகத்தோடு அப்படியே நிற்கும். நிற்கட்டும். அதைத் திருத்த வேண்டியது பட்டியலில்தான், ஃபார்முலாவில் அல்ல.

சுழியம் என்று வந்தவற்றையும் நம்ப வேண்டாம்

E நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டு 0 உள்ளவற்றை மட்டும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். சில சமயம் அடைப்புக்குறி நன்றாகத் தெரியும், ஆனாலும் எண்ணிக்கை 0 என்றே இருக்கும். அது நம் விசைப்பலகையில் உள்ள குறி அல்ல. சீன, ஜப்பானிய எழுத்துகளோடு பயன்படும் அகலமான அடைப்புக்குறி ஒன்று தனியாக இருக்கிறது. அங்கிருந்து வரும் பட்டியல்களில் அது கலந்திருக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரு பக்கமும் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் அந்தக் குறியை மட்டும் நகலெடுத்து வேறு செல்லில், உதாரணமாக H1-இல், ஒட்டுங்கள். பக்கத்து செல்லில் `=UNICODE(H1)` என்று கேளுங்கள். 40 என்றால் வழக்கமான திறக்கும் குறி. 65288 என்றால் அகலமானது, அதன் மூடும் ஜோடி 65289. இரண்டையும் வழக்கமான குறிகளாக மாற்றித் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, மற்ற ஃபார்முலாக்களை அதன்மேல் ஓட்டலாம்.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(65288),"("),UNICHAR(65289),")")
```

இரண்டு அடைப்புக்குறிகள் இருந்தால்

ஐந்தாவது வரிசையில் தவறு எதுவும் வராது, ஆனால் விடை தப்பு. D5-இல் "துணி" என்று இருக்கும். நமக்கு வேண்டியது நிறம், அது இரண்டாவது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. FIND எப்போதும் இடமிருந்து பார்த்து முதலில் கண்டதையே சொல்லும். E5-இல் 2 என்று வந்ததே, அதுதான் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. எண்ணாமல் விட்டிருந்தால் "துணி" ஒரு நிறமாகவே பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன்னால், ஒன்றுக்கு மேல் உள்ள வரிசைகளை வடிகட்டிப் படித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் நிறம் கடைசியில்தான் வருகிறதா? அப்படியென்றால் கடைசி அடைப்புக்குறியைப் பிடித்தால் போதும். சிலவற்றில் முதலிலும் சிலவற்றில் கடைசியிலும் இருந்தால் எந்த ஃபார்முலாவும் உதவாது. துணியா நிறமா என்று அதற்குத் தெரியாது.

கடைசியைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. SUBSTITUTE-க்கு நான்காவதாக ஓர் எண் கொடுத்தால், அத்தனையாவது குறியை மட்டும் மாற்றும். எத்தனை குறி என்பது ஏற்கெனவே E-இல் இருக்கிறது. கடைசிக் குறியை மட்டும் பெயரில் எங்கும் வராத ஒன்றாக, சொல்லப்போனால் ஒரு செங்குத்துக் கோடாக, மாற்றிவிட்டு அந்தக் கோடு எங்கே என்று தேடலாம். B5-இல் இப்படி:

```
=FIND("|",SUBSTITUTE(A5,"(","|",E5))
```

முன்பு 8 என்று இருந்த B5 இப்போது 15 ஆகும். C5 அந்த இடத்திலிருந்து தேடுவதால் தானாகவே 23-க்கு நகரும், D5 "கருப்பு" என்று மாறும். மற்ற இரண்டு நெடுவரிசைகளில் கை வைக்கவே தேவையில்லை. உதவி நெடுவரிசைகளுக்கு நான் வக்காலத்து வாங்குவது இதனால்தான். ஒரே ஒரு அடைப்புக்குறி உள்ள வரிசைகளிலும் இது சரியாக ஓடும், ஏனென்றால் அங்கே முதலாவதும் கடைசியும் ஒன்றே. எனவே B நெடுவரிசை முழுவதும் இதையே போட்டுவிடலாம்.

புதிய எக்செல் வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2024 என்றால் சுருக்கமான வழி உண்டு. பெயர்களே வேலையைச் சொல்லிவிடும்: ஒரு குறிக்குப் பின்னால் இருப்பது, ஒரு குறிக்கு முன்னால் இருப்பது.

```
=TEXTBEFORE(TEXTAFTER(A2,"("),")")
```

திறக்கும் குறிக்குப் பின்னால் உள்ளதை முதலில் வெட்டியெடுத்து, அதில் மூடும் குறிக்கு முன்னால் உள்ளதை எடுக்கிறது. கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. "1)" சிக்கலும் இல்லை, அந்தப் பகுதி முதல் வெட்டிலேயே போய்விடுகிறது. கடைசி அடைப்புக்குறி வேண்டுமானால் `TEXTAFTER(A2,"(",-1)` என்று மைனஸ் ஒன்று சேர்த்தால் பின்னாலிருந்து எண்ணும். குறி இல்லாத பெயருக்கு `#N/A` வரும். இந்த ஷீட்டைப் பழைய எக்செலில் திறந்து திருத்துபவர் யாராவது இருந்தால் மட்டும் இதைத் தவிர்த்துவிட்டு FIND, MID வழியிலேயே போங்கள். அங்கே இந்தச் சார்புகள் கிடையாது.

கூகுள் ஷீட்ஸில் முன்னால் சொன்ன FIND, MID, SUBSTITUTE எல்லாம் அப்படியே ஓடும். அங்கே ஒரே வரியில் முடிக்க இதுவும் இருக்கிறது:

```
=REGEXEXTRACT(A2,"\(([^)]*)\)")
```

பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும். பின்சாய்கோடு போட்ட இரண்டும் பெயரில் இருக்கும் நிஜ அடைப்புக்குறிகள். சாய்கோடு இல்லாத ஜோடி "இதை மட்டும் கொடு" என்ற உத்தரவு. நடுவில் இருப்பது, மூடும் குறி அல்லாத எதுவும் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்பது. இதுவும் முதல் அடைப்புக்குறியைத்தான் எடுக்கும்.

எக்செலில் Ctrl+E அழுத்தினால் ஃப்ளாஷ் ஃபில், முதல் ஓரிரு விடைகளைப் பார்த்து மீதியைத் தானே நிரப்பும். நேரான பட்டியலுக்கு அது போதும். ஆனால் அது ஊகம்தான்: பெயரை மாற்றினால் விடை மாறாது, நம் ஐந்தாவது வரிசை மாதிரி ஒன்றில் எதை எடுத்தது, ஏன் எடுத்தது என்று கேட்கவும் முடியாது.

எண்ணாக வேண்டியவை

ஏழாவது வரிசையில் 12 வந்திருக்கும், ஆனால் செல்லில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது எண் அல்ல, எண் மாதிரி இருக்கும் உரை. MID எதைத் தந்தாலும் உரையாகவே தரும். இப்படிப்பட்ட செல்களை SUM போட்டால் 0 வரும். கூட்ட வேண்டுமென்றால் `=VALUE(D7)` என்று எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கணக்குப் பதிவேடுகளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழிவைக் குறிக்கும், எக்செலும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது. +1, -1 கணக்கில் தவறி "(12)" என்று குறிகளோடு எடுத்துவிட்டு அதை VALUE-க்குக் கொடுத்தால், தவறு என்று சொல்லாது. -12 என்று அமைதியாகத் தரும். எண்ணிக்கை நெடுவரிசையில் திடீரென மைனஸ் தலைகாட்டினால் தேட வேண்டிய இடம் இதுதான்.

குறிக்குள் "( நீலம் )" என்று இடைவெளி விட்டிருந்தால் MID-ஐ TRIM-க்குள் வையுங்கள். TRIM போட்டும் இடைவெளி போகவில்லை என்றால், வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பிரியாத இடைவெளியாக இருக்கலாம். அதன் எண் 160, TRIM அதைத் தொடாது. அதை முதலில் சாதாரண இடைவெளியாக்க வேண்டும்.

```
=TRIM(SUBSTITUTE(MID(A2,B2+1,C2-B2-1),UNICHAR(160)," "))
```

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று A நெடுவரிசையை அழித்துவிடாதீர்கள். D-இல் இருப்பவை இன்னும் ஃபார்முலாக்கள்தான், A போனால் `#REF!` வரும். D முழுவதையும் நகலெடுத்து, அதே இடத்தில் Paste Special போய் Values என்று ஒட்டுங்கள். அதற்கப்புறம் A, B, C, E எதை வேண்டுமானாலும் நீக்கலாம்.